மெஷின் 3 காட்டுகிறது, பகலில் கண் சொக்குகிறது

கேள்வி: வயது 46. குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனை செய்தேன். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதைக் கணக்கிடும் AHI 38, ரெம் தூக்கத்தில் மட்டும் 55, ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியது என்று ரிப்போர்ட் வந்தது. ஆறு வாரமாக மூக்கு மாஸ்க் வைத்து, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் போடுகிறேன். மெஷினில் AHI 3தான் காட்டுகிறது. ஆனாலும் மத்தியானம் தூக்கம் தள்ளுகிறது. காலையில் எழுந்தால் மாஸ்க் தலையணை ஓரம் கிடக்கிறது, எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. வாய் வேறு காய்ந்து கிடக்கிறது. மெஷின் சரியில்லையா, டாக்டர்?

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. அந்த 3, மாஸ்க் முகத்தில் இருந்த நேரத்துக்கு மட்டுமான கணக்கு. கழற்றிப் போட்ட பிறகு நடப்பது அதற்குத் தெரியாது.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு பத்து நொடியாவது தடைபட்டது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதுதான் AHI. 5-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15-ஐத் தொட்டால் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் தீவிரம். உங்கள் 38 தீவிர வகை.

அந்த ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது ரெம் தூக்கத்தின் 55-ஐ. கனவு அதிகம் வரும் அந்தத் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்துவிடும். தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் அப்படியே. அதனால் அடைப்பு கூடும், ஆக்சிஜனும் ஆழமாக இறங்கும். இந்த ரெம் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் குவிந்து வரும். முதல் பாதியில் மாஸ்க்கோடு தூங்கிவிட்டு, சிகிச்சை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுகிறீர்கள்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினொரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறீர்கள், மூன்று மணி வாக்கில் மாஸ்க் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்க்கோடு நான்கு மணி நேரம், மணிக்கு 3 வீதம் 12 தடைகள். மாஸ்க் இல்லாமல் மூன்று மணி நேரம், ரெம் தூக்கமும் கலந்திருப்பதால் மணிக்கு 45 வீதம் 135. மொத்தம் 147. ஏழால் வகுத்தால் 21. இரவு முழுவதற்கும் உங்கள் உண்மையான AHI ஏறத்தாழ இதுதான். இன்னும் நடுத்தர வகையிலேயே நிற்கிறீர்கள். பகல் தூக்கத்துக்கு இதுவே போதும்.

ஏன் கழற்றுகிறீர்கள் என்பதற்கான தடயம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: காய்ந்த வாய். தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால் மூக்கு வழியாகப் போகும் காற்று வாய் வழியே வெளியேறிவிடும். தொண்டையில் அழுத்தம் நிற்காது. வாய் வறண்டு அரைத்தூக்கத்தில் கை தானாக மாஸ்க்கைப் பிடுங்கும். மெஷினின் பதிவில் காற்றுக் கசிவு வரைபடம் இருக்கும். மாஸ்க் கழன்ற நேரத்துக்குச் சற்று முன்பு கசிவு ஏறியிருந்தால் காரணம் அநேகமாக இதுதான். கசிவு அதிகமாக இருக்கும் நேரங்களில் அந்த 3-ஐயும் முழுசாக நம்பக்கூடாது.

வாய் திறப்பதற்கு முதல் காரணம் மூக்கடைப்பு. படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே அடியுங்கள், மெஷினின் ஈரப்பதமூட்டியை ஒரு படி கூட்டுங்கள். அடைப்பு தினமும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், அலர்ஜியாக இருக்கலாம். மூக்கு திறந்திருந்தும் வாய் திறக்கிறதென்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறுவது நல்லது. மாஸ்க்கை நின்றுகொண்டு மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மெஷினை ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தூங்கும் பக்கமாகப் படுத்துப் பட்டையைச் சரிசெய்யுங்கள். கசிகிறதே என்று இறுக்கிக்கொண்டே போனால் மாஸ்க்கின் மெத்தைப் பகுதி மடங்கி இன்னும் கசியும். முகத்து எண்ணெய் படிந்தாலும் கசியும், அந்தப் பகுதியைத் தினமும் கழுவுங்கள். மாஸ்க்கில் இருக்கும் சிறு துளைகள் நீங்கள் விடும் மூச்சு வெளியேறுவதற்கானவை, அவற்றை ஒருபோதும் டேப் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

விழிப்பு வந்து மாஸ்க் இல்லையென்று தெரிந்தால், மணி நாலரை ஆனாலும் திரும்ப மாட்டுங்கள். 'இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே' என்றுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் ரெம் தூக்கம் அதிகம்.

அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். அடுத்த முறை வரும்போது மெஷினின் மெமரி கார்டைக் கொண்டுவாருங்கள். அடைப்பால் வரும் தடையா, மூளையே மூச்சுக்குக் கட்டளையிடாமல் வரும் தடையா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு அழுத்தத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். முழு இரவும் மாஸ்க்கோடு மூன்று நான்கு வாரம் தூங்கிய பிறகும் கண் சொக்கினால் தைராய்டு, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், மனச்சோர்வு என்று வேறு பக்கம் தேடுவோம். அதுவரை தூக்கம் தள்ளும் நாளில் வண்டியை எடுக்காதீர்கள். இரவில் மது வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம்; இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடலாம்.