"விசா ஸ்பான்சர் செய்வீர்களா?" என்று கேட்பதற்கு முன்

பெருந்துறையிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

வேலை கேட்டு உங்கள் பாப்பா ஜெர்மன் பம்ப் கம்பெனி மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலைப் படித்தேன். நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை. "விசா ஸ்பான்சர் செய்வீர்களா?" என்பதுதான் முதல் வரி. கேட்பதில் தவறில்லை, ஆனால் இந்தச் சொல் பிரிட்டனுக்குப் பொருந்துவது. அங்கே வெளிநாட்டவரை எடுக்க நிறுவனத்திடம் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டே எழுதலாம். ஜெர்மனியில் அப்படி உரிமம் எதுவும் இல்லை. வெளிநாட்டவரை எடுத்துப் பழக்கமில்லாத சிறு கம்பெனி மேலாளர் 'ஸ்பான்சர்' என்றதும் பெரிய செலவு, வக்கீல் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்.

உண்மையில் அவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேலை ஒப்பந்தம் தர வேண்டும், பணி விவரப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். பட்டதாரிகளுக்கான வேலை விசாவான ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிப்பது பாப்பாவின் வேலை. ஒரு நிபந்தனை சம்பளம். 2025-இல் அது ஆண்டுக்குக் குறைந்தது 48,300 யூரோவாக இருந்தது. பொறியாளர் போன்ற பற்றாக்குறைத் தொழில்களுக்கு அந்த ஆண்டு 43,759.80 யூரோ போதுமாக இருந்தது, ஆனால் இந்தக் குறைந்த வரம்பில் போனால் ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். வரம்பு ஆண்டுதோறும் மாறும், அனுப்பும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் அனபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் கல்லூரியையும் பட்டத்தையும் தேடச் சொல்லுங்கள். கல்லூரிக்கு நேரே, அங்கீகரிக்கப்பட்டது என்பதைக் காட்டும் H+ குறி இருக்க வேண்டும், பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு இணையானதாகக் காட்டப்பட வேண்டும். இல்லையென்றால் தனியாக ஒப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இது தெரியாமல் மேலாளருக்கு எழுதுவது வீண்.

கல்லூரி, பட்டம் இரண்டும் சரியாக இருந்தால், கோவையில் மூன்று ஆண்டு பம்ப் வடிவமைப்பில் செய்த வேலையை முதல் பத்தியில் சொல்லிவிட்டு, பிறகு இப்படி எழுதட்டும்:

"நான் இந்தியாவில் இருக்கிறேன், ஜெர்மனியில் வேலை செய்ய இப்போது அனுமதி இல்லை. என் பட்டமும் கல்லூரியும் அனபினில் ஏற்கப்பட்டவை, எனவே ப்ளூ கார்டுக்கு நானே விண்ணப்பிப்பேன். உங்களிடமிருந்து ஒப்பந்தமும் பணி விவரப் படிவமும் தேவைப்படும். வெளிநாட்டில் இருப்பவரை இந்தப் பதவிக்குப் பரிசீலிப்பீர்களா?"

அனுமதி இல்லை என்பதை மறைக்க வேண்டாம். மூன்று நேர்காணல் முடிந்த பிறகு தெரிந்தால் இரு தரப்புக்கும் கசப்புதான்.

இடமாற்ற உதவியை இந்த மின்னஞ்சலில் நான் சேர்க்கவில்லை. சம்பளம் பேசும்போது கேட்கட்டும், அதுவும் பெயர் சொல்லி: விமானக் கட்டணம், முதல் மாதத் தங்குமிடம், 75 யூரோ விசா கட்டணம். "உதவி உண்டா" என்றால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். தருவதாகச் சொன்னால் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, பாதியில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா என்றும் பாருங்கள்.

ஒப்பந்தம் வாங்கித் தருவதாக யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாப்பா அனபினில் பார்த்ததை எனக்கு அனுப்பட்டும், மின்னஞ்சலைச் சேர்ந்தே முடித்துவிடலாம்.