மூன்றாவது வரி யாரைப் பற்றியது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்காரர் கனடா போகிறார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு விருந்தில் நான்தான் கவிதை வாசிக்க வேண்டுமாம். கல்யாணமானாலும் ரிட்டயர்மென்ட் ஆனாலும் என் தலையில்தான் கட்டுவார்கள். சம்பள உயர்வுக்கு மட்டும் என் பேர் ஞாபகம் வராது. விசா வந்ததைக்கூட அவர் எனக்குக் கடைசியாகத்தான் சொன்னார். எழுதியது இது:

பாம்பனில் கூண்டேற்றினால் பாதிநாள் லீவு;
சாம்பாரில் மணமெழுந்தால் முதலாளாய் வருவார்.
அம்மாவைத் தனியேவிட்டு அயல்நாடு போகிறார்;
சும்மாவா சொன்னார்கள் டாலர் பெரிதென்று!

இதைப் பார்த்த மேடம் முகம் சுளித்தார். கேலிதானே, இதில் என்ன தப்பு? எனக்கும் ஒருமுறை துபாய் வாய்ப்பு வந்தது, அம்மாவுக்காகப் போகவில்லை. அதை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் நானே ஏன் எழுத வேண்டும்?

– பெயர் வேண்டாம், மண்டபம்

அன்புள்ள தம்பி,

துபாயை விட முடியாது. உங்கள் மூன்றாவது வரி அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

முதல் இரண்டு வரி நல்ல கேலி. புயல் கூண்டைச் சொல்லி லீவு போடுவதை அவரே டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். அவர் வாயால் சொல்லக்கூடியதைத்தான் மேடையில் நாம் சொல்லலாம். அம்மாவைத் தனியே விடுவதை அவர் அப்படிச் சொல்வாரா? அந்த முடிவுக்காக வீட்டில் எத்தனை இரவு பேசினார்களோ. அவர் மனைவியும் பந்தியில் இருந்தால், சோறு இறங்காது. மேடம் சுளித்தது சரிதான்.

நீங்கள் அம்மாவோடு இருந்தது நல்ல முடிவாகவே இருக்கட்டும். அதை நிரூபிக்க அவர் போவது தப்பாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள்: அன்று உங்களைத் தடுத்தது அம்மா மட்டும்தானா? பயமும் இருந்திருந்தால், அதையும் சேர்த்து அம்மா கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

எதுகை உங்களுக்கு நன்றாக வருகிறது. பாம்பன் என்றதும் காது அடுத்த வரிக்குக் காத்திருக்கிறது. சாம்பார் வந்ததும் சிரிப்பு வருகிறது. அதே ஓசை அம்மா, சும்மாவிலும் இருப்பதால்தான் குத்தலும் அவ்வளவு கூர்மையாக இறங்குகிறது. உரைநடையில் சொல்லியிருந்தால் மறந்துவிடுவார்கள். இதை அவர் டொராண்டோவில் இருந்தும் முணுமுணுப்பார். அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு, இப்படி எதையாவது வையுங்கள்:

கருவாட்டுக் குழம்புவைத்தால் கனடாவே மணக்கும்;
ஒருவாட்டி பக்கத்துவீடு போலீஸைக் கூப்பிடும்.

இதில் கிண்டலாவது குழம்புதான், அவர் மனசு இல்லை. இப்படிப் பத்து வரி போதும். கடைசி இரண்டில் கேலி வேண்டாம், அவர் ஆபீஸுக்குச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். சிரிப்பு அடங்குமுன் அடுத்த வரியைத் தொடங்கினால் அது யார் காதிலும் விழாது. இலையில் சோறு விழுமுன் வாசித்து முடித்துவிடுங்கள்.

யார் எழுதுவது என்ற சண்டையை அடுத்த ரிட்டயர்மென்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கு முன்னால் அவரைத் தனியாக டீக்குக் கூப்பிட்டு, துபாய்க் கதையைச் சொல்லுங்கள். விசாவை ஏன் உங்களிடம் கடைசியாகச் சொன்னார் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.