பெயர் போடாமல் எழுதியும் நோட்டீஸ் வருகிறதே?

"ஐயா, நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். எங்கள் பகுதியில் பிளஸ் ஒன் மாணவனை உடன் படிக்கும் இருவர் அரிவாளால் வெட்டிவிட்டார்கள். பெயர் போடாமல்தான் செய்தி எழுதினேன். பள்ளி இருக்கும் ஊரையும், இருவரில் ஒருவன் 'முன்னாள் ஊராட்சித் தலைவரின் 16 வயது மகன், பள்ளிக் கபடி அணி கேப்டன்' என்பதையும் குறிப்பிட்டிருந்தேன். எல்லாம் போலீஸ் கொடுத்த பிரஸ் நோட்டில் இருந்ததுதான். இப்போது அவன் அப்பா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பெயரே இல்லாத செய்தி மேல் வழக்கு நிற்குமா? மறுப்பு போட்டால் போதுமா?"

வழக்கு நிற்கும். சட்டம் பெயரோடு நின்றுவிடவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74, சிறாரின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றையும், அடையாளம் காண வழிசெய்யும் வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. படமும் கூடாது. உங்கள் செய்தி மாட்டிக்கொள்வது 'வேறு எந்த விவரத்தையும்' என்ற அந்தச் சொற்களில்தான்.

நீங்கள் எழுதிய வரியைப் பிரித்துப் பார்ப்போம். '16 வயது' என்பதால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பெயர் வந்தவுடன் சில நூறு பையன்களாகச் சுருங்குகிறது. அந்த ஊரில் இருப்பது ஒரே மேல்நிலைப் பள்ளி என்றால், பள்ளியின் பெயரை எழுதாமலே எழுதியதாகிவிட்டது. 'கபடி அணி கேப்டன்' என்றதும் ஒரே ஒருவன்தான் மிஞ்சுகிறான். 'முன்னாள் ஊராட்சித் தலைவரின் மகன்' என்பதற்கு அந்த ஊரில் விளக்கமே வேண்டாம். சென்னையில் இருந்து படிப்பவருக்கு அவன் யாரென்று தெரியாதே என்று நீங்கள் கேட்கலாம். அவன் நாளை திரும்பிப் போய் வாழ வேண்டியது சென்னை வாசகர் நடுவில் இல்லை, அதே தெருவில், அதே பள்ளியில். அதனால், உள்ளூர்க்காரர் ஒருவர் படித்தால் கண்டுபிடிப்பாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. அது பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் அடையாளம் பற்றிய வழக்கு என்றாலும், அங்கே சொன்ன காரணம் இங்கும் பொருந்தும். ஒரு செய்தியில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் இல்லை. ஆனால், மாநிலத்தின் பெயரும், அந்த மாநில வாரியத் தேர்வில் அவர் முதலிடம் பெற்றவர் என்பதும் இருந்தன. அது போதாதா? முகத்தை மங்கலாக்கிவிட்டு உறவினர், அக்கம்பக்கத்தார், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் காட்டிய தொலைக்காட்சிக் காட்சியையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

போலீஸ் கொடுத்ததைத்தானே எழுதினோம் என்ற வாதத்தை நம்பி இருக்காதீர்கள். வெளியிட்டவரைத்தான் பிரிவு 74 கேட்கிறது. அந்தக் குறிப்பு எழுதிய அதிகாரியின் தவறு உங்கள் தவறை அழிக்காது. பிரஸ் நோட்டை நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே பகிர்ந்திருந்தால் அதையும் நீக்குங்கள். சட்டம் பத்திரிகை, தொலைக்காட்சியோடு 'பிற தகவல் தொடர்பு வடிவங்கள்' என்றும் சேர்த்துச் சொல்கிறது. விவரத்தை வெளியிட அனுமதி தரக்கூடியது, விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம்தான். அதுவும் அந்தச் சிறாரின் நலனுக்கு நல்லது என்று கருதி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகே. இன்ஸ்பெக்டர் தரும் அனுமதி செல்லாது.

வெட்டுப்பட்ட பையனும் 18 வயது ஆகாதவன் என்பதை மறந்துவிட வேண்டாம். பாதிக்கப்பட்ட சிறாருக்கும் சாட்சியான சிறாருக்கும் அதே பிரிவு பொருந்தும். 'என் பிள்ளை பெயரைப் போடுங்கள், ஊருக்குத் தெரியட்டும்' என்று அவன் அப்பாவே கோபத்தில் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், பெற்றோர் சம்மதம் போதும் என்று பிரிவு 74 சொல்லவில்லை. அப்புறம் இன்னொரு சிக்கலும் உண்டு. அவன் பெயரைப் போட்டு 'உடன் படிக்கும் இருவர்' என்றும் எழுதினால், அந்த வகுப்பில் பள்ளிக்கு வராத இரண்டு பேர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கொடூரமான குற்றம், 16 வயது ஆகிவிட்டது, வயது வந்தவரைப் போல விசாரிக்கப் போகிறார்கள், அப்போதாவது பெயர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. 2017இல் குருகிராமில் பள்ளிக்குள்ளேயே ஒரு சிறுவன் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம்சாட்டப்பட்ட பிளஸ் ஒன் மாணவனை வயது வந்தவராகக் கருதி விசாரிக்கக் குழுமம் உத்தரவிட்டது. அதன் பிறகும் நீதிமன்றம் அவனுக்கு 'போலு' என்று ஒரு புனைபெயர்தான் வைத்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் தலைப்பிலேயே 'மாஸ்டர் போலு' என்றுதான் இருக்கிறது. வழக்கு நீண்டு அவனுக்கு 20 வயது ஆனாலும் இதே நிலைதான். குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பதே கணக்கு.

சரி, இந்தச் செய்தியை எப்படி எழுதியிருக்க வேண்டும்? 'மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் அரிவாளால் வெட்டப்பட்டார். இது தொடர்பாக 16 வயதுடைய சிறார்கள் இருவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டு, கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர்.' இதற்குப் பிறகு, முன்விரோதம் பற்றிப் புகார் வந்தும் யார் கவனிக்கவில்லை, பிள்ளைகள் கைக்கு அரிவாள் எப்படி வந்தது என்று எவ்வளவு வேண்டுமானாலும் விசாரித்து எழுதுங்கள். என்னைக் கேட்டால், மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி அதுதான். அப்பாவின் பதவி உண்மையிலேயே முக்கியம், அதை வைத்து அவர் வழக்கை முடக்கப் பார்க்கிறார் என்றால் 'உள்ளூர் அரசியல் செல்வாக்கு' என்ற அளவில் சொல்லலாம், ஊர்ப் பெயர் இல்லாதபோது மட்டும். வயது வந்த ஒருவரும் உடன் கைதாகியிருந்தால் அவர் பெயரை எழுதலாம். ஆனால், அவர் அந்தச் சிறாரின் அண்ணன் என்றால் உறவைச் சொல்லாதீர்கள்.

இப்போது நோட்டீஸுக்கு வருகிறேன். இந்தக் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் வகையும் இல்லை. அதனால் பதற்றப்பட்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசாதீர்கள். இன்றே ஆசிரியரிடம் சொல்லி, இணையப் பதிப்பிலும் இ-பேப்பரிலும் அந்த வரிகளை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பிரஸ் நோட்டின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். அது உங்களைக் காப்பாற்றாது என்றாலும், வேண்டுமென்றே செய்யவில்லை என்று காட்ட உதவும். நோட்டீஸுக்குப் பதில் நிறுவனத்தின் வழக்கறிஞர் மூலமாகவே போகட்டும்.

மறுப்பு என்ற யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 'முன்னாள் ஊராட்சித் தலைவரின் மகன் என்று குறிப்பிட்டதற்கு வருந்துகிறோம்' என்று அச்சிட்டால், அதே குற்றத்தை இரண்டாவது தடவை செய்கிறீர்கள். முதல் செய்தியைத் தவறவிட்டவர்களும் படித்துவிடுவார்கள். திருத்தம் போட்டே ஆக வேண்டும் என்றால், 'இந்தத் தேதியில் வெளியான ஒரு செய்தியில் வெளியிடக் கூடாத விவரங்கள் இடம்பெற்றன, அவை நீக்கப்பட்டன' என்பதோடு நிறுத்துங்கள். அந்தப் பக்கத்தின் படம் வேண்டாம், தலைப்பும் வேண்டாம். குழுமத்தின் உத்தரவு வரும் நாளில் தொடர்செய்தி எழுதும்போதும் பழைய செய்தியின் இணைப்பைக் கீழே கொடுக்காதீர்கள்.