‘நான் செய்யாத பரிவர்த்தனை’ என்று டிக் செய்யலாமா?

கேள்வி: வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். மார்ச் 4 அன்று ஆன்லைன் கடை ஒன்றில் பவர் தையல் மெஷினுக்கு டெபிட் கார்டில் பணம் கட்டினேன். மெஷின் வரவில்லை. கேட்டால் ‘ரீஃபண்ட் போட்டாச்சு’ என்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை. கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் படிவத்தை வங்கியில் கொடுத்து, ‘நான் செய்யாத பரிவர்த்தனைன்னு டிக் பண்ணுங்க, சீக்கிரம் வரும்’ என்றார் ஒருவர். நிரப்பிய படிவமும் ஆதாரங்களும் அனுப்பியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள் ஐயா.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இந்தப் படிவத்தைக் கொடுக்காதீர்கள். புதுப் படிவம் வாங்கி எழுதுங்கள்.

வங்கியில் சொன்னவர் மனதில் இருப்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. நமக்குத் தெரியாமல் பணம் போய், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு தருவது அது. உங்கள் விஷயம் அதில் வராது. ஓடிபி போட்டுப் பணம் கட்டியது நீங்கள்தான். வங்கியின் பதிவில் அது இருக்கும், புகார் அங்கேயே விழுந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், படிவத்தின் அடியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். நாளைக்கு ‘பொருள் வரவில்லை’ என்று மறுபடி போனால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்சாட்சி.

டிக் செய்ய வேண்டியது ‘பணம் கட்டியும் பொருள் வந்து சேரவில்லை’ என்ற கட்டம். ‘ரீஃபண்ட் வரவில்லை’ என்ற கட்டமும் இருக்கிறது. ஆனால் அதற்குக் கடைக்காரர் திருப்பித் தர ஒப்புக்கொண்ட நம்பகமான ஆதாரம் கேட்பார்கள். உங்களிடம் இருப்பது தேதியோ எண்ணோ இல்லாத வாட்ஸ்அப் படம். உண்மையில் கார்டுக்கு ரீஃபண்ட் போயிருந்தால் ஏஆர்என் என்ற 23 இலக்க எண் இருக்கும். அதை மின்னஞ்சலில் கேளுங்கள். தந்தால் வங்கி அதை வைத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிவிடும். தராவிட்டால், நீங்கள் கேட்ட மின்னஞ்சலையே ஆதாரத்தோடு சேருங்கள்.

அடுத்து தொகை. 24,300 என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேட்மென்ட்டில் கார்டில் போனது 23,800 மட்டுமே. மீதி 500 டெலிவரி கட்டணம், ஜிபேயில் அனுப்பியது. கார்டு படிவத்தில் யுபிஐ பணத்தைச் சேர்க்க முடியாது. அதற்கு அந்தச் செயலியில் தனியாகப் புகார் செய்யுங்கள். கடைப் பெயரையும் ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அங்கே பணம் வசூலித்த பேமென்ட் கேட்வேயின் பெயர்தான் இருக்கிறது. ‘பரிவர்த்தனை எண்’ என்ற இடத்தில் கடையின் ஆர்டர் எண்ணை எழுதிவிட்டீர்கள். ஸ்டேட்மென்ட்டில் உள்ள 12 இலக்க எண்ணைப் போடுங்கள்.

ஆதாரங்களில் உயிர்நாடி, ‘மார்ச் 14க்குள் டெலிவரி’ என்று கடை அனுப்பிய ஆர்டர் மின்னஞ்சல். அதை முதல் தாளாக வையுங்கள். கூரியர் டிராக்கிங் பக்கத்தில் ‘பார்சல் இன்னும் எடுக்கப்படவில்லை’ என்று இருப்பதையும் எண், தேதி தெரியப் படமெடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு இடம் உறுத்துகிறது. மார்ச் 20 அன்று, ‘பரவாயில்லை, ஏப்ரல் 10க்குள்ள அனுப்பிடுங்க’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அனுப்பிய படங்களில் அந்த வரிக்கு முன்னும் பின்னும் வெட்டியிருப்பதைப் பார்த்தால், உங்களுக்கும் உறுத்தியிருக்கிறது! மறைக்க வேண்டாம், கடைக்காரரிடமும் அதே உரையாடல் இருக்கிறது, வங்கி கேட்டதும் அதைத்தான் முதலில் நீட்டுவார். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள். கூடவே இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘நான் தந்த அவகாசமான ஏப்ரல் 10ம் கடந்துவிட்டது, மெஷின் வரவில்லை, ஆர்டரை ரத்து செய்கிறேன், 23,800 ரூபாயைத் திருப்புங்கள்.’ இப்போது அந்த வரி உங்கள் பொறுமைக்குச் சாட்சியாகிவிடும்.

அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணினாலும் ஜூலை 2 வரை. ரூபேக்கு விதிகள் தனி, வங்கிகளும் தங்களுக்கென்று குறைந்த கெடு வைப்பதுண்டு. ஆகவே இந்த வாரமே கொடுத்து, புகார் எண்ணோடு ஒப்புகை வாங்குங்கள்.

இடையில் கணக்கில் பணம் ஏறினால் உடனே செலவழிக்காதீர்கள். அது தற்காலிக வரவாக இருக்கலாம். கடைக்காரரின் பதிலை வங்கி ஏற்றுக்கொண்டால், அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தப் பதிலின் நகலைக் கேட்டு வாங்கி மறுப்பு எழுதுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். கடைக்காரர் மீது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடமே போதும், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ‘மெஷின் தொழிலுக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.