“எதுவும் மாறாது” என்று எழுதலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மேனேஜராக இருக்கிறேன். என் டீமில் 14 பேர். போன வாரம் எங்கள் பிரிவை ஹைதராபாத் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். இனி அங்கிருக்கும் ஒருவர்தான் எல்லோருக்கும் தலைமை. என்னிடம் இருக்கும் இரண்டு டீம் லீடுகளில் ஒருவருக்குத்தான் அந்தப் பதவி நிலைக்குமாம்; யாருக்கு என்று முடிவாகவில்லை. இரவு ஷிஃப்ட் வருமா என்பதும் தெரியாது. “பாசிட்டிவாக ஒரு மெயில் போடுங்கள்” என்கிறது எச்.ஆர். “எதுவும் மாறாது, யாரும் பயப்பட வேண்டாம்” என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்ப மனம் வரவில்லை. என்ன எழுதுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: உங்கள் மனம் சரியாகத்தான் தடுக்கிறது. அந்த வரியை அனுப்பாதீர்கள். அடுத்த வாரமே உங்கள் டீமில் ஒருவர் லீவுக்கு விண்ணப்பிப்பார். ஒப்புதல் தருபவர் என்ற இடத்தில் அவர் அறியாத ஒரு பெயர் இருக்கும். “எதுவும் மாறாது” என்று நீங்கள் எழுதியது அந்த நிமிடமே பொய்யாகிவிடும். அப்புறம் நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

மாறாதவை நிச்சயம் சில உண்டு. ஆனால் எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை முடிவு செய்வது யார்? உங்கள் கையில் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வேறொருவர் கையில் இருந்தால் அவரிடமிருந்து மெயிலில் உறுதி வாங்கிய பிறகு எழுதுங்கள். “போனில் சொன்னார்” என்பது இந்த விஷயத்தில் போதாது.

எச்.ஆரிடம் முதலில் கேட்க வேண்டியது, சம்பளச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் மாறுமா என்பது. பெயர் மாறாமல் ரிப்போர்ட்டிங் மட்டும் மாறினால் பணிக்காலம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அப்படியே தொடரும். அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கு ஆட்களை மாற்றுகிறார்கள் என்றால் கதை வேறு. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் பழையதுதான், ஆனால் அதற்குக் கீழே புதிய உறுப்பினர் எண் வரும். பழைய சேர்ந்த தேதியிலிருந்தே பணிக்காலம் கணக்காகும் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி பொதுவாக 5 வருடத் தொடர் பணிக்குப் பிறகுதான் கிடைக்கும். நாலு வருடம் முடித்த ஒருவர் உங்கள் டீமில் இருந்தால், அவர் மனதில் இப்போது ஓடுவது இந்தக் கணக்குதான்.

அடுத்தது, ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த லீவுகள். தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவருக்கு நிறுவனத்தின் புதிய திசையைவிட இதுதான் முக்கியம். புதிய தலைவரிடம் பட்டியலை அனுப்பி, “இவை அப்படியே இருக்கட்டும்” என்று சம்மதம் வாங்குங்கள். பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். இதுவரை செய்த வேலைக்கான அப்ரைசல் குறிப்புகளை நீங்களே எழுதிக் கொடுப்பீர்களா என்பதையும் அப்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.

தெரியாதவற்றைப் பற்றி எழுதும்போது “தெரியாது” என்பதோடு நின்றால் கலக்கம்தான் கூடும். யார் முடிவு செய்கிறார், எப்போது சொல்வதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவரின் முடிவுக்கு நீங்கள் தேதி கொடுக்க வேண்டாம். அது தள்ளிப்போனால் பழி உங்கள் மேல் விழும். நீங்கள் மறுபடி எப்போது பேசுவீர்கள் என்பதற்குத் தேதி கொடுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

மெயில் இப்படி இருக்கலாம்:

*“எல்லோருக்கும் வணக்கம். நம் பிரிவு ஹைதராபாத் பிரிவோடு சேர்ந்துவிட்டது. இனி நான் அங்குள்ள தலைவருக்கு ரிப்போர்ட் செய்வேன். நீங்கள் வழக்கம்போல என்னிடம்.*

*சம்பளம், கிரேடு, சேர்ந்த தேதி, பி.எஃப். ஆகியவற்றில் மாற்றம் இல்லை. எச்.ஆர். எழுதித் தந்த உறுதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்புதல் கிடைத்த லீவுகள் அப்படியே நிற்கும். இதுவரையிலான வேலைக்கு அப்ரைசல் குறிப்பை நான்தான் எழுதுவேன்.*

*இரண்டு விஷயங்கள் இன்னும் முடிவாகவில்லை. டீம் லீட் பதவிகள் எத்தனை, யாருக்கு என்பதைப் புதிய தலைவர் முடிவு செய்வார். மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இரவு ஷிஃப்ட் பற்றிய பேச்சு நடக்கிறது. நம் டீமின் சிரமங்களை நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்களுடையதை வியாழனுக்குள் சொல்லுங்கள்.*

*ஒவ்வொரு வெள்ளியும் 4 மணிக்குப் பேசுவோம். புதிய செய்தி இல்லாவிட்டாலும் கூடுவோம்.”*

எச்.ஆரின் உறுதி கைக்கு வந்த பிறகே இரண்டாவது பத்தியைச் சேர்க்க வேண்டும். வராத பகுதியை மூன்றாவது பத்திக்கு நகர்த்துங்கள். இரவு ஷிஃப்ட் விஷயத்தில் ஒன்று: பெண் ஊழியர்களை இரவில் வேலைக்கு வைக்க அவர்களின் சம்மதமும், பாதுகாப்பான போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பில் இதைக் கட்டாயம் சேருங்கள்.

மெயிலில் இல்லாத ஒரு கேள்வி நேரில் வரும்: “ஆளைக் குறைப்பார்களா?” இதற்கான பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். “என்னிடம் யாரும் பேசவில்லை” என்று இன்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் உங்களிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டால்? அன்று “இதைப் பற்றி நான் பேச முடியாது” என்று சொன்னாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரே பதிலாக இருக்கட்டும்: “அந்த முடிவு என் கையில் இல்லை. அதில் நான் உறுதி கொடுக்கவும் மாட்டேன், ஊகம் சொல்லவும் மாட்டேன். என்றைக்குக் கேட்டாலும் இதே பதில்தான். முறைப்படி அறிவித்த அன்றே உங்களோடு உட்கார்ந்து பேசுவேன்.” கேட்க ஆறுதலாக இருக்காது. ஆனால் எந்த நாளிலும் பொய்யாகாது.

மெயில் போவதற்கு முன் டீம் லீடுகள் இருவரையும் தனித்தனியே பாருங்கள். இருவரையும் ஒரே நாளில், ஒரே விஷயத்தைச் சொல்லி. தங்கள் பதவி ஆட்டம் காண்கிறது என்பதை மற்ற 12 பேரோடு சேர்ந்து திரையில் படிக்கும்படி அவர்களை விட்டுவிடக் கூடாது. இருவரில் உங்களுக்கு நெருக்கமானவரிடம் “உனக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறது” என்று தப்பித் தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

அப்புறம், வெள்ளி மாலை அனுப்ப வேண்டாம். சனி, ஞாயிறு முழுக்க ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டிருப்பார்கள், கேட்க நீங்கள் அருகில் இருக்க மாட்டீர்கள். செவ்வாய் காலை எல்லோரையும் கூட்டி வாயால் சொல்லிவிட்டு, அதே விஷயத்தை மெயிலில் அனுப்புங்கள்.

எச்.ஆரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். “முடிவாகாத பகுதியை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லக்கூடும். “இதில் எந்த வரி தவறு?” என்று கேளுங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள். சொற்களை மென்மையாக்கச் சொன்னாலும் சம்மதியுங்கள். அந்தப் பகுதியே கூடாது என்றால், “எதுவும் மாறாது” என்ற வரியும் இருக்காது என்று சொல்லி, உறுதியானதை மட்டும் மெயிலில் போட்டு, மற்றதை நேரில் பேச அனுமதி கேளுங்கள்.

முதல் வெள்ளிக்கிழமை கேள்விகள் கோபமாக வந்தால் கலங்காதீர்கள். உங்களிடம் கேட்கலாம் என்று நம்புவதால்தான் கேட்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் யாரும் வாயே திறக்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். பேச்செல்லாம் நீங்கள் இல்லாத வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கும். அப்போது கூட்டத்தை நம்பிக் காத்திராமல், ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.