பாக்கி கேட்டு மூன்று முறை எழுதுவது: எல்லைப்பக்கத்து வியாபாரிகளின் கேள்விகளும் என் பதில்களும்

கேரள எல்லையில், பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரம் பக்கம் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். சாவடிக்கு இந்தப் பக்கம் பில் போட்டு அந்தப் பக்கம் பணம் வாங்குகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கோர்ட், வக்கீல் நோட்டீஸ் என்று போய்விட்டவர்கள் உங்கள் வக்கீலையே கேளுங்கள்.

ஆனைமலை, பிளாஸ்டிக் கவர் அச்சடிப்பவர்: சித்தூர்ல ஒரு சிப்ஸ் கடைக்கு கவர் அடிச்சுக் கொடுத்தேன். ஜூலை 4 பில், 42,480 ரூபாய், முப்பது நாள் கெடு. ரெண்டு வாரம் தாண்டிருச்சு. நல்ல மனுஷன், உறவு கெடக்கூடாது. என்ன எழுதுறது?

பாலக்காட்டுச் சித்தூர் என்று எடுத்துக்கொள்கிறேன், ஆந்திரச் சித்தூர் என்றால் கீழே நான் சொல்லும் ஓணக் கதை பொருந்தாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆகஸ்டில் சிப்ஸ் போடுகிறவரிடம் இருக்கும் காசு முழுக்க நேந்திரங்காயிலும் எண்ணெயிலும் கிடக்கும். அது கல்லாவுக்குத் திரும்புவது ஓண வாரத்தில்தான். இப்போது கழுத்தைப் பிடித்தால் அவரிடம் நிஜமாகவே இருக்காது, மனஸ்தாபம்தான் மிஞ்சும். அதனால் நினைவூட்டலுக்கு நினைவூட்டல் விடும் இடைவெளியை அவர் கல்லாவைப் பார்த்து வையுங்கள்.

முதல் செய்தி இன்றே போகட்டும். உண்மையில் ஆகஸ்ட் 5ஆம் தேதியே போயிருக்க வேண்டும், பரவாயில்லை:

"வணக்கம் சேட்டா. ஜூலை 4 பில், எண் 117, ரூ.42,480. கெடு ஆகஸ்ட் 3. பில் கைக்கு வந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். இத்துடன் மறுபடி அனுப்பியிருக்கிறேன், வங்கி விவரம் பில்லின் அடியில் இருக்கிறது."

இதில் பணம் கேட்கவே இல்லை, கவனியுங்கள். பில் வந்ததா என்பதற்கு ஆமாம் என்று சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது. ஆனால் அந்த ஒரு 'ஆமாம்' எழுத்தில் உங்களிடம் வந்துவிட்டது. "கவர்ல மை உதிருது, அதான் நிறுத்தி வெச்சேன்" என்று பதில் வந்தாலும் லாபம்தான், சிக்கல் பணத்தில் இல்லை, சரக்கில் என்று இப்போதே தெரிந்துவிடும். சிறுதொழில் சட்டப்படி சரக்கில் குறை இருந்தால் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதை அவரிடம் இப்போது ஓதாதீர்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஒரு வாரம் கழித்து. இதில் கேட்பது தேதி மட்டும்:

"சேட்டா, ஓணத் தேவை நடக்கிற நேரம், தெரியும். திருவோணம் கழிந்து எந்தத் தேதியில் போட முடியும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். முழுதாக முடியாவிட்டால் அன்றைக்குப் பாதி, மீதி செப்டம்பர் 15 என்றாலும் சரி."

தேதியை அவர் வாயால் வரவையுங்கள். நீங்கள் சொன்ன தேதி தவறினால் அது உங்கள் தேதி, அவர் சொன்னது தவறினால் அவருக்கே உறுத்தும். உங்கள் கஷ்டத்தை எழுத வேண்டாம். ரோல் காரனுக்குக் கொடுக்க வேண்டும், பையன் ஃபீஸ் என்று எழுதினால் அவரும் தன் கஷ்டத்தை எழுதுவார், ரெண்டு பேரும் ஆறுதல் சொல்லிக்கொண்டு பணத்தை மறந்துவிடுவீர்கள்.

மூன்றாவது, அவர் சொன்ன தேதி தாண்டி நாலு நாள் விட்டு:

"சேட்டா, செப்டம்பர் 2 என்று சொல்லியிருந்தீர்கள், இன்று வரை வரவில்லை. பில் 117, ரூ.42,480. 12ஆம் தேதிக்குள் வராவிட்டால் தீபாவளி ஆர்டரை முழு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் மெஷினில் ஏற்ற முடியும். உங்கள் அச்சு சிலிண்டர் பத்திரமாக இருக்கிறது."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள். அவர் டிசைன் சிலிண்டர் உங்கள் ஷெட்டில் இருப்பது அவருக்கு எப்போதும் ஒரு பயம். அதற்கு அவர் காசு கொடுத்திருந்தால் அது அவர் சொத்து, பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொள்ளப் போவதாகத் தோன்றும்படி எழுதவும் வேண்டாம். முன்பணம் கேட்பது உங்கள் கையில் இருக்கிற விஷயம், அது போதும்.

கொழிஞ்சாம்பாறை, மெக்கானிக்: நான் மூணு தடவை அழகா எழுதினேன், ப்ளூ டிக் கூட விழுந்துச்சு. ஒரு பதிலும் இல்லையே?

எந்த எழுத்தில் எழுதினீர்கள்? இந்தப் பக்கத்து மலையாளிகள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. எனக்கே நடந்தது. ஒரு ஹோட்டலுக்குக் கணக்கு எழுதிய பாக்கி, ஜனவரியில் தமிழில் மூன்று செய்தி போட்டேன். நேரில் போனால் மனுஷன் போனைத் திறந்து காட்டி, பொங்கல் வாழ்த்து என்று நினைத்தேன் என்கிறார். கீழே ஒரு கும்பிடு போட்டு வைத்திருந்தார் வேறு.

பக்கத்தில் மலையாளம் எழுதத் தெரிந்தவரிடம் நாலு வரி அடித்து வாங்குங்கள். தொகையும் தேதியும் பில் எண்ணும் எண்ணாக இருக்கட்டும், அதை எல்லோரும் படிப்பார்கள். ஆடியோ அனுப்பினால் அனுப்புங்கள், ஆனால் அதோடு பில் படமும் ஒரு வரி எழுத்தும் சேர்ந்து போக வேண்டும்.

பொள்ளாச்சி, தேங்காய் மொத்த வியாபாரி: இவ்வளவு நெளிவு சுளிவு எதுக்கு? சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தா 45 நாள்தான் சட்டம். அதுக்கு மேல மூணு மடங்கு வட்டின்னு முதல் மெசேஜ்லயே போட்டா தானா வரும்.

பாதி சரி. 45 நாள் என்பது உச்சவரம்பு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாள், அது 45ஐத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 15 நாள்தான். ஆனைமலைக்காரருக்கு 30 நாள் கெடு இருக்கிறது, ஆகஸ்ட் 3ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

வட்டி உண்மைதான், ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி. வங்கி விகிதம் 5.5 என்று வைத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 16.5 சதவீதம். 42,480க்கு முதல் மாதம் சுமார் 584 ரூபாய். இதைக் காட்டி சிப்ஸ் கடைக்காரரைப் பயமுறுத்த முடியாது, மீட்டர் வட்டிக்கு வாங்கிப் பழகியவர் சிரிப்பார். முதல் செய்தியிலேயே சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் திருப்பூருக்குப் போகும், அவ்வளவுதான்.

அதே தேங்காய் வியாபாரி: எனக்குப் பதிவு இருக்கு சார், நான் போட்டிருக்கேன், வாங்கியிருக்கேன்.

வாங்கினீர்கள் என்றால் எதிராளி படிக்கவில்லை, அல்லது உங்களுக்கு மரியாதை கொடுத்தார். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு 2021இல் உத்யம் பதிவைத் திறந்துவிட்டபோது, வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். தாமதப் பணத்துக்கான வட்டி விதி உற்பத்தியாளருக்கும் சேவை கொடுப்பவருக்கும்தான். கவர் அடிப்பவருக்கு உண்டு. உரிக்காத தேங்காயை லோடு மாற்றி விடும் உங்களுக்குக் கிடையாது.

உடுமலை, கயிறு மில்: தேங்காய் அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மூணாவதுலயாவது சட்டத்தைச் சொல்லலாமே? வருமான வரியில செலவு கழிக்க முடியாதுன்னு இப்ப ஒரு விதி இருக்கில்ல?

இருக்கிறது, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காமல் மார்ச் 31ஐயும் தாண்டினால், அந்த வருஷச் செலவில் கழிக்க முடியாது, கொடுத்த வருஷம்தான். அதனால் அதற்குப் பல் முளைப்பது பிப்ரவரி, மார்ச்சில். ஆகஸ்டில் சொன்னால் அவர் ஆடிட்டர் காதில்கூட ஏறாது. உத்தேச லாபம் காட்டி வரி கட்டுகிற சின்னக் கடைக்கு அது பொருந்தாது என்பதையும் பாருங்கள்.

அதைவிடச் சாதுவான ஒன்று உண்டு. வாங்கியவர் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை எடுத்திருந்தால், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்ததை வட்டியோடு திருப்ப வேண்டும். ஜூலை 4 பில்லுக்கு அது டிசம்பர் 31. அந்த 42,480இல் 6,480 வரிதான். "டிசம்பருக்குள் முடிந்தால் உங்கள் வரிக்கும் நல்லது" என்று எழுதினால் மிரட்டல் ஆகாது, அவர் கணக்கரே அவரை நச்சரிப்பார். காம்போசிஷனில் இருக்கிற கடை என்றால் உள்ளீட்டு வரியே எடுக்க முடியாது, அங்கே இது உதவாது.

உங்கள் கேள்விக்கு: பழைய வாடிக்கையாளருக்கு மூன்றாவதில் சட்டம் வேண்டாம் என்பது என் பழக்கம். ஒரே தடவை வாங்கிப் போன வெளியூர்க்காரர் என்றால் எழுதுங்கள். தேங்காய் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், விடுங்கள்.

சத்தியவேடு, தையல் யூனிட்: சென்னை பார்ட்டி பணம் தரலை. புகார் தமிழ்நாட்டுலயா, ஆந்திராவுலயா?

சிறுதொழில் பாக்கிப் புகாரை விசாரிக்க மாநிலத்தில் கவுன்சில் உண்டு, சரக்குக் கொடுத்தவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஆந்திரா.

வேலந்தாவளம், பேக்கரி: எனக்குத்தான் மைதாக்காரர் மூணாவது மெசேஜ் போட்டிருக்கார், இதுக்கு என்ன பதில் எழுதறது?

இது அந்தப் பக்கத்துக் கேள்வி. ஒரு தேதி எழுதுங்கள், அன்றைக்குப் பாதியாவது போடுங்கள்.

மீனாட்சிபுரம்: சார் ஒரு மாடல் போடுங்க.

மேலே மூன்று இருக்கிறது. பில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், 117 என்றே அனுப்பிவிடாதீர்கள்.

மீனாட்சிபுரம், இன்னொருவர்: வியாபாரிங்க குரூப்ல பேர் போட்டுக் கேட்டா வந்துரும்ல?

வேண்டாம். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்ட பணம் வந்தாலும் ஆள் திரும்ப வரமாட்டார், மானநஷ்டம் என்று உங்கள் மேலேயே திரும்பலாம். போன தடவை கூடச் சொன்னேன், அடுத்த தடவையும் சொல்வேன் போலிருக்கிறது.

ஆனைமலைக்காரர் மறுபடி: முதல் மெசேஜ் போட்டேன். "பில் கிட்டி" ன்னு வந்துருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டாவது போடலாமா?

விளக்கு வைத்த பிறகு பணப் பேச்சு எடுத்தால் பாதிப் பேருக்குப் பிடிக்காது, வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், எண்ணெய்க்காரர் வந்து போன பிறகு போடுங்கள். அந்த "பில் கிட்டி" யைத் தேதி தெரிகிற மாதிரிப் படம் பிடித்து வையுங்கள்.