வாரக் கணக்கும் மாதக் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள்

"அக்கா, சென்னையில் மூன்று வருஷம் எம்.ஐ.எஸ். எக்சிகியூட்டிவாக இருந்தேன். விசிட் விசாவில் துபாய் வந்து 25 நாள் ஆகிறது. தினமும் பத்து இடத்துக்காவது விண்ணப்பம் போடுகிறேன், ஒரு அழைப்பும் வரவில்லை. கவர் லெட்டரில் வீக்லி ரிப்போர்ட், மன்த்லி ரிப்போர்ட், எக்செல், எஸ்.க்யூ.எல். எல்லாம் எழுதித்தான் இருக்கிறேன். எங்கே தப்பு?"

தம்பி, நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் இந்த வேலைக்குப் போடுகிற எல்லோருடைய கடிதத்திலும் அதே வரிதான் இருக்கிறது. நான் இங்கே ஒரு விநியோக நிறுவனத்தில் ரிப்போர்ட்டிங் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது முதல் வடிகட்டல் என் மேசையில்தான் நடக்கும். எக்செல் தெரியும், பைவட் தெரியும், VLOOKUP தெரியும் என்று படித்துப் படித்து, ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும். ரிப்போர்ட் எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போனது, தப்பு வந்தால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பற்றியாவது எழுதியவரைத்தான் நான் கூப்பிடுவேன்.

விளம்பரத்தின் தலைப்பை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். துபாயில் எம்.ஐ.எஸ். என்றால் பெரும்பாலும் ரிப்போர்ட் வேலைதான். ஆனால் கம்ப்யூட்டர், சர்வர், நெட்வொர்க் பார்க்கிற ஆளையும் சில கம்பெனிகள் அதே பெயரில் தேடும். சிங்கப்பூர் விளம்பரங்களில் இது இன்னும் அதிகம். வேலை விவரத்தை முழுதாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

இனி கடிதம். உங்கள் கம்பெனி என்ன தொழில் என்று நீங்கள் சொல்லவில்லை. மருந்து விநியோகம் என்று வைத்துக்கொள்கிறேன். வாராந்திர வேலையை இப்படி எழுதலாம்:

"மூன்று கிளைகளின் பில்லிங் மென்பொருளிலிருந்து ஞாயிறு இரவு சி.எஸ்.வி. கோப்புகள் வரும். அவற்றை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஏற்றி, இரட்டைப் பதிவுகளை நீக்கி, எக்செலில் கிளைவாரியாகவும் பொருள்வாரியாகவும் விற்பனை அறிக்கை செய்வேன். திங்கள் காலை பத்து மணிக்கு அது விற்பனைத் தலைவரிடம் இருக்கும். எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குச் சரக்கை மாற்றுவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்."

இது நான்கே வாக்கியம். இதில் மென்பொருளின் பெயர் தனியாக நிற்கவில்லை, வேலையோடு சேர்ந்து வந்துவிட்டது. டேட்டாபேஸ் எதற்கு என்ற காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். எக்செலின் ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் நிற்காது. மூன்று கிளையின் பில் வரிகள் சில வருஷத்தில் அதைத் தாண்டிவிடும் என்பதால் டேட்டாபேஸுக்கு மாற்றினோம் என்று எழுதினால், படிப்பவருக்கு உங்கள் வேலையின் அளவும் புரிந்துவிடும்.

மாதாந்திர வேலைக்கு வரும்போதுதான் பலர் 'அதேபோல் மாதம் ஒருமுறை' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் வருத்தம், ஏனென்றால் எம்.ஐ.எஸ். ஆளின் திறமை தெரிகிற இடமே அதுதான். நான்கு வார அறிக்கையைக் கூட்டினால் மாத அறிக்கை வராது. 2025 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி சனிக்கிழமை. வாரத்தைத் திங்கள் முதல் ஞாயிறு வரை எடுத்தால், 3 முதல் 30 வரை நான்கு முழு வாரம். 1, 2, 31 ஆகிய மூன்று நாளும் பக்கத்து மாதங்களோடு சேர்ந்த வாரங்களில் போய்விடும். உதாரணத்துக்கு, நான்கு வாரத்தில் 1,840 பில், அந்த மூன்று நாளில் 162 பில், வார அறிக்கை போன பிறகு ரத்தானவை 15 என்றால், மாத அறிக்கையில் 1,987 இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் காட்டும் சின்ன அட்டவணை ஒன்றை மாத அறிக்கையோடு நீங்கள் இணைத்திருந்தால், கடிதத்தில் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் இங்கே கேட்பார்கள். 2022 ஜனவரியில் எமிரேட்ஸில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. சவூதியில் இன்னும் வெள்ளி, சனிதான். இரண்டு நாட்டுக் கிளைகளும் உள்ள கம்பெனியில் ஒரே வார எண்ணுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். எக்செலில் `=WEEKNUM(A2)` ஞாயிறில் தொடங்கும், `=WEEKNUM(A2,2)` திங்களில் தொடங்கும். இது தெரிந்தவர் என்று காட்ட ஒரு வரி போதும்.

அடுத்தது, நீங்கள் செய்த ஒரு தப்பையும் திருத்தத்தையும் எழுதுங்கள். என் கதையைச் சொல்கிறேன். என் முதல் வேலையில் ஒரு மாத அறிக்கையின் தொகை, வித்தியாசத்தையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், இருக்க வேண்டியதைவிடக் குறைந்து நின்றது. மேலாளர் கேட்டபோது பதில் இல்லை. அன்று இரவு தேதிவாரியாக ஒரு பைவட் போட்டேன். தினமும் ஐம்பது பில் சுமாருக்கு இருந்தது. கடைசித் தேதியில் நான்கு மட்டும். அந்த நான்கும் ஒரே கிளையுடையவை. அந்தக் கிளையின் மென்பொருள் நேரத்தை அனுப்பாது, தேதியை மட்டும் அனுப்பும், அதனால் எல்லாம் 00:00 என்று பதிவாகியிருந்தது. மற்ற கிளைகளின் பில்களில் நேரமும் இருந்தது. நான் `BETWEEN` போட்டு மாதக் கடைசித் தேதியோடு நிறுத்தியிருந்தேன். அந்தத் தேதியின் நள்ளிரவோடு தேடல் நின்றுவிட்டது, பகல் முழுதும் விடுபட்டுப் போனது. அன்றிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன்:

```
SELECT COUNT(*), SUM(amount)
FROM invoices
WHERE inv_date >= '2025-03-01'
  AND inv_date <  '2025-04-01';
```

அடுத்த வேலைக்குப் போட்ட கடிதத்தில் இதை மூன்று வரியில் எழுதினேன். நேர்காணலில் அவர்கள் ஆரம்பித்ததே அங்கிருந்துதான். நீங்கள் என் கதையை எடுத்துப் போடாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். மூன்று வருஷத்தில் உங்களுக்கும் இப்படி ஒரு இரவு இருந்திருக்கும், அதை எழுதுங்கள்.

பழைய கம்பெனியின் உண்மையான ரிப்போர்ட்டை மாதிரி என்று இணைக்கவே கூடாது. சிலர் வாடிக்கையாளர் பெயரோடு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்ததும் நான் ஒதுக்கிவிடுவேன், நாளை எங்கள் கணக்கையும் இப்படித்தானே வெளியே கொடுப்பார் என்று தோன்றும். காட்ட வேண்டுமென்றால் பெயரும் தொகையும் கற்பனையாகப் போட்டு நீங்களே ஒரு கோப்பு செய்யுங்கள்.

கடைசிப் பத்தியில் விசிட் விசா எந்தத் தேதிவரை இருக்கிறது, எப்போது சேர முடியும் என்று மறைக்காமல் எழுதிவிடுங்கள். இங்கே அது குறையில்லை, உடனே சேரக்கூடிய ஆள் என்றுதான் பார்ப்பார்கள். மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். தினம் பத்து வேண்டாம், விளம்பரத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதி இரண்டு மூன்று அனுப்புங்கள். இன்று ராத்திரி உட்கார்ந்து அந்த மாத அறிக்கைப் பத்தியை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.